"லெவல் 2" என்று போட்டேன், ஒருவரும் கூப்பிடவில்லை

மெக்கானிக்கல் 2016, கருங்கல்

மணலியில் நான் இருந்த புராஜெக்ட் முடிந்து ஆள் குறைத்தபோது நம் கல்லூரிக் குழுவில் வேலை கேட்டு ஒரு பதிவு போட்டிருந்தேன். பலருக்கு நினைவிருக்காது. நினைவில் நிற்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. "வணக்கம் நண்பர்களே, 2016 மெக்கானிக்கல் பேட்ச். என்டிடி லெவல் 2, ஆட்டோகேட், எம்எஸ் ஆபீஸ் தெரியும். ஐந்து வருட அனுபவம். எந்த வேலையானாலும் பரவாயில்லை, உதவவும்." இவ்வளவுதான். கும்பிடு முப்பதுக்கு மேல் வந்தது. கூப்பிட்டவர் ஒரே ஒருவர், அவரும் ஏஜெண்ட். அந்தக் கதை கீழே.

மூன்று வாரம் கழித்து ஜுபைலில் இருக்கும் 2004 அண்ணன் பேசினார். "மக்கா, உன் போஸ்ட்டை எங்க மேனேஜருக்கு அனுப்பலாம்னு எடுத்தேன். ஆனா என்னன்னு சொல்லி அனுப்ப? லெவல் 2 எதுல?"

யுடி, எம்டி, பிடி என்றேன், வெல்டை உடைக்காமலே சோதிக்கிற மூன்று முறைகள். யார் கொடுத்தது என்று கேட்டார். முதலில் நாகர்கோவிலில் படித்த இடத்தில், பிறகு வேலை பார்த்த கம்பெனியில் என்றேன்.

"கம்பெனியை விட்டாச்சில்லியா? அப்போ அந்த லெவல் 2 இப்போ உன்கிட்ட இல்ல, கேட்டியா."

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. எஸ்என்டி-டிசி-1ஏ முறையில் லெவல் 2 தருவது வேலை கொடுக்கிற கம்பெனி. தன்னுடைய எழுத்து நடைமுறைப்படி பரீட்சை வைத்து, கண் பார்வை பார்த்து, நம் அனுபவ மணிநேரத்தைக் கணக்கெடுத்து அது தருகிறது. நாம் வெளியே வந்ததும் அது முடிந்துபோகிறது. புதுக் கம்பெனி மறுபடி தர வேண்டும். அதனால் தொழில் தெரிந்தவர்கள் "லெவல் 2" என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்களாம். எந்த முறை, எந்தப் பொருள், எவ்வளவு தடிமன், எந்த விதிமுறை கோடு, இதைத்தான் தேடுகிறார்கள்.

அடுத்து பேட்ச். எனக்கு ஒரு அரியர் இருந்தது. வகுப்போடு வெளியே வந்தது 2016, டிகிரி கையில் வந்தது 2017. நம் ஆட்களுக்கு நான் 2016தான். ஆனால் பதிவில் 2016 என்றும் சான்றிதழில் 2017 என்றும் இருந்தால், வெளிநாட்டு விசாவுக்கு டிகிரியை அட்டெஸ்ட் செய்யும் நேரத்தில் ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்றார். இரண்டையும் எழுதச் சொன்னார். அரியரைக் குழுவில் எழுதுவதா என்று கூச்சமாகத்தான் இருந்தது. எழுதினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது பதிவு இப்படி வந்தது:

"மெக்கானிக்கல், 2016 பேட்ச், டிகிரி 2017. ஐந்தரை ஆண்டாக ரிஃபைனரி பைப்பிங்கில் வெல்டிங் இன்ஸ்பெக்ஷன். கார்பன் ஸ்டீல் பைப்பில் 8 முதல் 25 மி.மீ. தடிமன் வரை யுடி சொந்தமாகச் செய்திருக்கிறேன். எம்டி, பிடி செய்வேன். ஆர்டி ஃபிலிம் படிப்பேன், ஆனால் சோர்ஸ் கையாண்டதில்லை. தினமும் புரட்டியது ஏஎஸ்எம்இ பி31.3, செக்ஷன் 5, செக்ஷன் 9. சிஸ்விப் 3.1 கைவசம் உண்டு, 2028 வரை செல்லும். வெல்டிங் இன்ஸ்பெக்டர் அல்லது பைப்பிங் க்யூசி வேலை வேண்டும். கொச்சி, மணலி, ஜாம்நகர், வளைகுடா எங்கும் வருவேன். ஷட்டவுன் வேலையும் சம்மதம். சேல்ஸ், பயிற்சி நிலையத்தில் பாடம் எடுப்பது வேண்டாம். 10 நாளில் சேரலாம். பாஸ்போர்ட் 2031 வரை."

ஆட்டோகேடை எடுத்துவிட்டேன். கல்லூரிக்குப் பிறகு அதைத் திறந்ததே இல்லை.

நான்கு நாளில் மூன்று போன். ஒருவர் பேர்கூடக் கேட்காமல் ஆரம்பித்தார்: "8 மி.மீ. சுவர்னு எழுதியிருக்கீங்க. எந்த ப்ரோப்?" 70 டிகிரி என்றேன். ஏன் என்றார். 45 டிகிரியில் போனால் ரூட் வரைக்கும் பீம் எட்டுவதற்குள் ப்ரோப்பின் மூக்கு வெல்ட் கேப்பில் முட்டி நிற்கும், 70-ல் தள்ளி நின்றே ரூட்டைப் பார்க்கலாம் என்றேன். அதற்கு மேல்தான் பேரைக் கேட்டார். இப்போது கொச்சி ரிஃபைனரி ஷட்டவுனுக்கு 45 நாள் ஒப்பந்தம், 12 மணி நேர ஷிஃப்ட். ஞாயிறு குழித்துறையில் பரசுராம் ஏறுகிறேன். அதற்குப் பின் என்ன என்பது தெரியாது.

அந்த ஏஜெண்ட்: கத்தாரில் க்யூசி வேலை, விசா ரெடி, இப்போது 80,000 கட்டினால் போதும் என்றார். லைசென்ஸ் எண் கேட்டேன், கொடுத்தார். அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்ட் பட்டியலில் தேடினால் அந்த எண் வேறொரு ஊரில் வேறொரு பெயரில் இருந்தது. அதோடு விட்டேன்.

உங்களில் யார் இப்படி வேலை கேட்டுப் போட்டிருக்கிறீர்கள்? என்ன எழுதினீர்கள், என்ன நடந்தது?

மெக்கானிக்கல் 2013, மார்த்தாண்டம்

தம்பி, அண்ணன் உன்னை வீணாகப் பயமுறுத்திவிட்டார். லெவல் 2 ஐந்து வருடம் செல்லும், சர்டிபிகேட்டிலேயே தேதி போட்டிருக்கும். நான் லெவல் 2 என்று மட்டும் போட்டுத்தான் மஸ்கட்டில் வேலை வாங்கினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

மெக்கானிக்கல் 2004, ஜுபைல்

மார்த்தாண்டம் தம்பி சொல்வதில் பாதி சரி. ஐந்து வருடம் உண்மைதான், ஆனால் அந்தக் கம்பெனியில் இருக்கிற வரைக்கும். அதற்குள்ளும் கண் பரிசோதனை ஒவ்வொரு வருடமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மஸ்கட்டில் உங்களுக்கு நடந்தது என்னவென்றால், சேர்ந்ததும் அந்தக் கம்பெனியின் லெவல் 3 உங்களுக்குப் பரீட்சை வைத்துப் புது சர்டிபிகேட் அடித்திருப்பார். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னது நினைவிருக்கிறதா?

கம்பெனி மாறினாலும் கூடவே வருவது ஐஎஸ்ஓ 9712 வகையில் வாங்கியது, பிசிஎன் மாதிரி. அது ஆளின் பேரில் இருக்கும். அது இருந்தால் பதிவின் முதல் வரியிலேயே போடுங்கள். சிஸ்விப்பும் ஆளின் பேரில்தான், அதனால்தான் கருங்கல் தம்பியை அதைக் கட்டாயம் போடச் சொன்னேன். ஏடபிள்யூஎஸ் சிடபிள்யூஐ வைத்திருப்பவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முடிந்த தேதியை மறைத்து எழுதாதீர்கள், எண்ணைப் போட்டுத் தேடுகிறார்கள்.

இன்னொன்று. "ஆர்டி ஃபிலிம் படிப்பேன், சோர்ஸ் கையாண்டதில்லை" என்று தம்பி எழுதினானே, அந்த வரியைப் பார்த்துத்தான் என் மேனேஜர் மற்றதை நம்பினார். செய்யாததைச் செய்யவில்லை என்று எழுதுகிறவன் செய்ததைச் செய்துதான் இருப்பான் என்றார்.

மெக்கானிக்கல் 2013, மார்த்தாண்டம்

தாள் கொடுத்தார்கள், ஆமாம். சேரும்போது தருகிற சேஃப்டி பரீட்சை என்று நினைத்திருந்தேன்.

சிவில் 1998, குலசேகரம்

நல்ல செய்தி. என் மகன் பி.காம். முடித்து வீட்டில் இருக்கிறான். ரிஃபைனரியில் அக்கவுண்ட்ஸ் பக்கம் ஆள் எடுக்கிறீர்களா? பயோடேட்டா எந்த நம்பருக்கு அனுப்ப வேண்டும்?

மெக்கானிக்கல் 2016, கருங்கல்

அண்ணே, நான் ஆள் எடுக்கவில்லை, நானே வேலை தேடிப் போகிறவன். தம்பி என்ன வேலை பார்க்க விரும்புகிறான், டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுப் பழக்கம் உண்டா என்று தனியாக ஒரு பதிவு போடுங்கள். நம்மில் சிலர் வீட்டில் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருப்பவர்களும் உண்டு.

கம்ப்யூட்டர் 2019, தக்கலை

என் கதை வேறு. அம்மாவுக்கு டயாலிசிஸ், இரண்டு வருடம் வேலையை விட்டு வீட்டில் இருந்தேன். திரும்பத் தேடியபோது ஜாவா, பைத்தான், சி, சி++, எச்டிஎம்எல் என்று படித்ததையெல்லாம் போட்டேன். நம் சீனியர் அக்கா டெக்னோபார்க்கில் இருக்கிறார். "இதுல எதுல எழுதி ஆட்கள் நிஜமா பயன்படுத்துன புரோகிராம் இருக்கு?" என்று கேட்டார். ஜாவா ஒன்றுதான். ஸ்பிரிங் பூட்டில் பில்லிங் பகுதி செய்திருந்தேன். அதை மட்டும் வைத்து, மற்றதை எடுத்து, இரண்டு வருட இடைவெளியை ஒரே வரியில் காரணத்தோடு எழுதினேன். அந்த வரியைப் போடாதே என்று சிலர் சொன்னார்கள். இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுதான் வந்தது, நான் ஏற்கெனவே எழுதியிருந்ததால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் போன் நம்பரைப் போட்டது தப்பு. வேலைக்கு வந்த போன் இரண்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் "சாப்பிட்டீங்களா" என்று வந்த மெசேஜ் அதைவிட அதிகம். எல்லாம் நம் கல்லூரி ஆட்கள்தான். பிறகு நம்பரை எடுத்துவிட்டு மின்னஞ்சல் மட்டும் வைத்தேன். பெண் பிள்ளைகள் முதலிலேயே அப்படிச் செய்யுங்கள்.

இஇஇ 2018, ஆரல்வாய்மொழி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். "இது வேண்டும், அது வேண்டாம்" என்று கருங்கல் நண்பர் எழுதியது அவருக்குச் சரி, ஐந்தரை வருடம் கையில் இருக்கிறது. நான் ஒரு வருட அனுபவத்தோடு "சப்ஸ்டேஷன் வேலை மட்டும்" என்று போட்டு நான்கு மாதம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் எதுவும், உயரத்தில் ஏறப் பயமில்லை" என்று மாற்றியதும் முப்பந்தலில் காற்றாலை சர்வீஸ் வேலை வந்தது. ஏறப் பயமில்லை என்ற வரிதான் வேலை வாங்கிக் கொடுத்தது. ஆனி, ஆடிக் காற்றில் டவருக்குள் ஏணி ஏறும்போது ஏன்டா எழுதினோம் என்று தோன்றும், அது வேறு.

ஏஜெண்ட் விஷயத்தில் ஒன்று. ஏஜெண்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். 80,000 என்றதுமே தெரிந்துகொள்ளலாம். பத்தாவது பாஸ் ஆன நம்முடைய பாஸ்போர்ட் இசிஎன்ஆர், எமிக்ரேஷன் கிளியரன்ஸ் கேட்க மாட்டார்கள். அதனால் ஒப்பந்தத்தை நமக்காக வேறு யாரும் படித்துப் பார்ப்பதில்லை. என் மச்சான் இன்ஜினியர் என்று போய் அங்கே ஹெல்பர் விசாவில் இறங்கினான்.

மெக்கானிக்கல் 2004, ஜுபைல்

அது சரியான பேச்சு. சவூதியில் விசாவில் இன்ஜினியர் என்று இருந்தால் அங்கே இன்ஜினியர்கள் கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும், அட்டெஸ்ட் செய்த டிகிரி கேட்பார்கள். அதனால் விசாவில் உங்கள் தொழில் என்ன என்று எழுதியிருக்கிறது என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள்.

கம்ப்யூட்டர் 2019, தக்கலை

எதிர்பார்க்கும் சம்பளத்தைப் பதிவில் போடலாமா, கூடாதா? நான் போடவில்லை. மூன்றாவது ரவுண்டில்தான் அவர்கள் தருவது நான் முன்பு வாங்கியதைவிடக் குறைவு என்று தெரிந்தது.

இஇஇ 2018, ஆரல்வாய்மொழி

போட்டால் நேரம் மிச்சம்.

மெக்கானிக்கல் 2004, ஜுபைல்

குழுவில் போட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அடுத்த கம்பெனி அதற்கு மேல் ஒரு ரியால் தராது. கேட்கிறவரிடம் தனியாகச் சொல்.

மெக்கானிக்கல் 2016, கருங்கல்

நான் போடவில்லை. கொச்சிக்காரர் கேட்டபோது நாள் கூலி 2,500 என்றேன், உடனே சரி என்றார். குறைத்துக் கேட்டுவிட்டேனோ என்று இன்னும் உறுத்துகிறது.