கனடா போனால் எடை கூடுவது குளிராலா?

கொடைத்தம்பி: செப்டம்பரில் படிக்க ஒன்டாரியோ வந்தேன். அப்போது 60 கிலோ. எட்டு மாதத்தில் 66 ஆகிவிட்டது. காரணம் குளிர்தான். குளிர்நாட்டில் உடம்பு தானாகவே கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இங்கே வருகிற யாரும் இதிலிருந்து தப்ப முடியாது.

குன்னூர் சேகர்: படித்ததும் எரிச்சல்தான் வந்தது. தம்பி, நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்வெளி முழுக்க உறைபனி கிடக்கும். அந்தக் குளிரில் விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? குளிர் எடையை ஏற்றும் என்றால் எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் ஒல்லியான ஆளே இருக்கக் கூடாது. நீங்கள் இருக்கும் ஊரில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு 20, 21 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாங்கள் ஸ்வெட்டர், கம்பளி, குல்லாவோடு படுக்கிறோம். உண்மையில் குளிரில் இருப்பது யார்? உங்களுக்கு நின்றுபோனது ஏற்றம். மேட்டில் ஏறி இறங்கிய கால் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டது. வேறு காரணம் கிடையாது.

கொடைத்தம்பி: ஐயா, நானும் மலைக்காரன்தான், கொடைக்கானல். இங்கே மைனஸ் 15 வரும்போது எப்படிப் பசிக்கும் என்று இருந்து பார்த்தால்தான் தெரியும். நவம்பரில் இருந்து தேவைக்கு மேல் வெளியே கால் வைக்கவில்லை. அதற்கும் குளிர்தானே காரணம்?

குன்னூர் சேகர்: நடக்கவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதான். அப்புறம், கொடைக்கானல் குளிரை வைத்துக்கொண்டு ஊட்டிப் பக்கத்து ஆட்களுக்குக் குளிர்ப் பாடம் எடுக்க வேண்டாம்.

கூடலூர் ரஃபீக்: அண்ணே, நான் குவைத்தில் வேலை பார்க்கிறேன். வெயில் காலத்தில் 48 டிகிரி சாதாரணம். எனக்கும் வந்த முதல் வருஷமே பேன்ட் இடுப்பில் ஏறவில்லை. இங்கே குளிர் எங்கே இருக்கிறது? கேம்ப் மெஸ்ஸில் ராத்திரி பத்து மணிக்குத்தான் வயிறு நிறைய சோறு. வேலை முடிந்து வந்தால் ஏசி அறை, கையில் குளிர்பானம். கம்பெனி வண்டி வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடும். தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும்.

கொடைத்தம்பி: குவைத் கதை வேறு. நான் குளிர்நாட்டைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மலர், கோத்தகிரி: மருத்துவமனையில் உணவு ஆலோசனைப் பிரிவில் வேலை செய்கிறேன். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளைப் பெற்றோர் கூட்டி வருவார்கள், அதனால் கேட்கிறேன். தம்பி, ஒரு நாளில் என்ன குடிக்கிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? குளிரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் சொல்லுங்கள்.

கொடைத்தம்பி: வாரத்தில் மூன்று நாள் பெட்ரோல் பங்கில் இரவு வேலை. தூக்கம் வராமல் இருக்க தினமும் இரண்டு பெரிய டபுள் டபுள், அதாவது க்ரீமும் சர்க்கரையும் இரண்டிரண்டு பங்கு போட்ட காப்பி. ராத்திரி ஒரு மணிக்குக் கடையில் சூடாக்கிய பீட்சா. ஊரிலும் காப்பி குடித்தவன்தானே? அதில் என்ன வந்துவிடப் போகிறது?

மலர், கோத்தகிரி: அதில்தான் நிறைய வருகிறது. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். 6 கிலோவுக்கு 46,000. அதை எட்டு மாதத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 200 கலோரி போலத்தான் வருகிறது. நீங்கள் சொல்கிற காப்பி ஒரு கோப்பையிலேயே 200க்கு மேல் இருக்கும். நம் ஊர்ச் சின்ன டம்ளர் காப்பி, ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு, 50ஐத் தொட்டால் அதிகம். இரண்டையும் காப்பி என்றே சொல்வதால் வித்தியாசம் கண்ணில் படவில்லை. பீட்சாவை நான் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இரவு கண்விழித்தால் மறுநாள் பசி கூடும், அதிலும் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும்தான் கேட்கும். அந்தப் பசியைத்தான் தம்பி குளிர்ப் பசி என்கிறார் என்று நினைக்கிறேன்.

குன்னூர் சேகர்: காப்பி கிடக்கட்டும். ஏற்றத்தின் கணக்கு என்ன? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

மலர், கோத்தகிரி: சொல்கிறேன். 60 கிலோ ஆள் தினமும் 150 மீட்டர் உயரம் ஏறினால் அதற்காக உடம்பு செலவழிப்பது 80 கலோரி போலத்தான். நான்கு கிலோமீட்டர் நடையையும் சேர்த்தால் இன்னும் நூறு, நூற்றிருபது.

குன்னூர் சேகர்: 80ஆ? பஜாரில் இருந்து அரிசி மூட்டையைத் தோளில் போட்டு வீட்டுக்கு ஏறியவன் நான். அது 80 கலோரியா? இருந்தாலும் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 80ம் 120ம் எவ்வளவு? 200. ஒரு நாளைக்கு மிஞ்சுவது 200 என்றுதானே சொன்னீர்கள்? நடை நின்றது, எடை கூடியது. நான் முதலில் சொன்னதுதான் சரி.

மலர், கோத்தகிரி: அப்படி முடிக்க முடியாது ஐயா. நடை நின்றதால் 200, காப்பியால் கூடுதலாக 300. இரண்டையும் கூட்டினால் எட்டு மாதத்தில் 15 கிலோ ஏறியிருக்க வேண்டும். ஏறியது 6தான். எடை கூடக் கூட உடம்பு செலவழிப்பதும் கொஞ்சம் கூடும், ஆனால் அது மட்டும் இவ்வளவு வித்தியாசத்தைச் சரிக்கட்டாது. ஏதோ ஒரு வேளைச் சாப்பாட்டை இவர் விட்டிருக்கிறார், அநேகமாகக் காலையில். எது எவ்வளவு என்று தெரிய ஒரு வாரம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

கொடைத்தம்பி: காலையில் தூங்கிவிடுவேன், சாப்பிட மாட்டேன். குறைவாகச் சாப்பிட்டும் எடை கூடுகிறது என்றால் குளிரைத் தவிர வேறு என்ன?

ஊட்டி அம்மா: என் மகன் ஜெர்மனியில் படிக்கிறான். மாதாமாதம் வர்க்கி பார்சல் அனுப்புகிறேன். வீடியோவில் பார்த்தால் முகம் உப்பிப்போய் இருக்கிறது. வர்க்கியாலா?

குன்னூர் சேகர்: அம்மா, புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. ஊட்டியில் எல்லாரும் தின்கிறோம், யாருக்கு என்ன ஆயிற்று?

கூடலூர் ரஃபீக்: குறியீடு வாங்கினால் மைதாவும் வனஸ்பதியும் ஓடிவிடுமா அண்ணே?

குன்னூர் சேகர்: கூடலூர்க்காரராக இருந்துகொண்டு வர்க்கியைக் குறை சொல்ல வேண்டாம். நாங்கள் மேட்டில் ஏறியே அதைக் கரைத்துவிடுவோம்.

மலர், கோத்தகிரி: அம்மா, பாக்கெட் நூடுல்ஸ் நிறையச் சாப்பிடுகிறானா என்று கேளுங்கள். அதில் உப்பு அதிகம். உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முகம் வீங்கினாற்போல் தெரியும், தராசிலும் ஒரு கிலோ ஆடும். சாப்பாட்டை மாற்றினால் சில நாளில் வடிந்துவிடும். வடியாமல் காலும் வீங்கினால் அங்கேயே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறியது கொழுப்பா என்று அறிய டேப்பால் வயிற்றைச் சுற்றி அளக்க வேண்டும். நம் ஆட்களுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் எச்சரிக்கை. தம்பி, நீங்களும் அளந்து சொல்லுங்கள்.

கொடைத்தம்பி: அளந்தேன். 88.

மலர், கோத்தகிரி: எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். காப்பியில் க்ரீமை நிறுத்திப் பால் ஊற்றிக்கொள்ளுங்கள், சர்க்கரையைப் பாதியாக்குங்கள். வேலைக்குப் போகும்முன் சோறும் பருப்பும் சாப்பிட்டுவிட்டால் ஒரு மணிக்குப் பீட்சா தேவைப்படாது. ஒரு மாதம் கழித்து டேப் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கொடைத்தம்பி: அக்கா, காப்பியை மாற்றிப் பார்க்கிறேன். ஆனாலும் ஜூன் வந்து வெயில் அடித்தால் எடை தானாக இறங்கும். அப்போது பேசுவோம், குளிரா இல்லையா என்று.

குன்னூர் சேகர்: ஜூனில் வெளியே நடப்பீர்கள், அதனால் இறங்கும். அதற்கும் வெயில்தான் காரணம் என்று எழுதத்தான் போகிறீர்கள். ஏற்றம் தம்பி, ஏற்றம்! தங்கியிருக்கும் கட்டிடத்தில் எத்தனை மாடி? லிப்டில் போகாமல் படியில் ஏறுங்கள்.

கூடலூர் ரஃபீக்: எல்லாரும் ஜூனுக்குப் போய்விட்டீர்கள். குவைத்தில் எனக்கு எப்படி ஏறியது என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

கொடைத்தம்பி: உங்களுக்கு ஏசி குளிர்.