48 பாட்டிலுக்கும் ஒரே டெம்ப்ளேட்: எல்லாமே நகல் மாதிரி இருக்கிறது, எப்படிச் சரிசெய்வது?

அரைத்தூக்கம்

ஸ்டீல் தண்ணீர் பாட்டில்கள் விற்கிற ஒரு வலைக்கடைக்கு விவரம் எழுதித் தருகிறேன். மொத்தம் 48 வரிசை. கொள்ளளவு, மூடி, நிறம் மூன்றையும் ஷீட்டில் போட்டு, நடுவில் வாக்கியங்களை ஒட்டி ஒரு டெம்ப்ளேட் செய்தேன். அரை நாளில் முடிந்தது. அனுப்பினேன். "பேரை மட்டும் மாற்றி 48 தடவை ஒட்டியிருக்கிறீர்களே" என்று பதில் வந்தது. படித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஒரு மாதிரி:

> தினசரிப் பயன்பாட்டுக்கு ஏற்ற 750 மி.லி. ஸ்டீல் பாட்டில். உறுதியான திருகு மூடியுடன் நேர்த்தியாக வடிவமைக்கப்பட்டுள்ளது. வீட்டிலும் பயணத்திலும் உங்கள் நம்பகமான துணை.

இன்னொன்றில் 750 இருக்கும் இடத்தில் 500, திருகு மூடி இருக்கும் இடத்தில் ஸ்ட்ரா மூடி. அவ்வளவுதான் வித்தியாசம். டெம்ப்ளேட்டையே தூக்கிப்போட்டு 48ஐயும் கையால் எழுதினால் ஒரு வாரம் போய்விடும். வேறு வழி உண்டா?

பத்துவிரல்

ரொம்ப எளிது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐந்து மாற்று எழுதி வையுங்கள். "உறுதியான" என்பதற்கு வலுவான, திடமான, பலமான. "கசியாத" என்பதற்கு சிந்தாத, ஒழுகாத. ஷீட் தானாக மாற்றி மாற்றி எடுக்கட்டும். வாக்கிய வரிசையையும் கலைத்துவிடுங்கள். இல்லையென்றால் கூகுள் நகல் என்று தண்டித்துவிடும்.

சரக்குப்பட்டியல்

வரிசையைக் கலைப்பது நல்ல யோசனைதான். சொல் மாற்றுவதில் மட்டும் கவனம். "திடமான மூடி" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதைவிடப் பெரிய சிக்கல், பாட்டிலில் "கசியாத", "சிந்தாத" இரண்டும் ஒன்றல்ல. ஸ்ட்ரா மூடி பாட்டிலை மேசையில் தட்டிவிட்டால் சட்டென்று கொட்டாது. அதைச் சிந்தாது என்று சொல்லலாம். அதே பாட்டிலைப் பைக்குள் தலைகீழாகப் போட்டு ஒரு மணி நேரம் நடந்தால் பல மாடல்களில் ஈரம் வரும். அப்போது "கசியாத" என்று எழுதியிருந்தால் பாட்டில் திரும்பி வரும். சொல்லைச் சுழற்றுகிற ஷீட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

கூகுள் விஷயம்: ஒரே மாதிரியான பக்கங்கள் இருந்தால் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து காட்டும், மற்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை அது தண்டனை அல்ல. ஆனால் விட்டுப்போன பக்கத்தை எழுதி என்ன பயன், அதுவும் சரிதான்.

இனி கேள்விக்கு வருகிறேன். உங்கள் மாதிரியில் எண்ணையும் மூடியின் பெயரையும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். அது பாட்டிலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. டார்ச் லைட்டுக்கும் போட்டுக்கொள்ளலாம். டெம்ப்ளேட் வைத்ததில் தவறில்லை, அதற்குள் வாக்கியத்தை வைத்ததுதான் தவறு. வாக்கியத்துக்குப் பதில் கேள்விகளை வையுங்கள். நான் வைப்பது மூன்றே மூன்று: பக்கத்து வரிசையில் இருப்பதை விட்டு இதை ஏன் ஒருவர் எடுப்பார்? எதற்கு இது சரிவராது? கையில் எடுத்ததும் எது முதலில் தெரியும்? பதிலைக் குறிப்பாக எழுதினால் போதும், அழகாக வேண்டாம். பதில்கள் வேறு வேறாக இருந்தால் விவரமும் தானாக வேறாகும்.

ஓரக்கண்

எனக்கு இதற்கு நேர் எதிரான கதை. 200 வகைத் திருகாணிகள். நீளமும் விட்டமும்தான் மாறும். "பக்கத்தில் இருப்பதை விட்டு இதை ஏன் எடுப்பார்" என்றால், அவருடைய ஓட்டைக்கு அதுதான் பொருந்தும், வேறென்ன! ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதப் போய், 40 மி.மீ. திருகாணி 35ஐ விட "அதிக நம்பகமானது" என்று எழுதி வைத்தேன். வாங்குபவர் ஒருவர் எந்த விதத்தில் என்று கேட்டார். பதில் இல்லை.

சரக்குப்பட்டியல்

அங்கே 200 விவரமே தேவையில்லை, ஓரக்கண். ஒரு பக்கம், அதில் ஒரு அட்டவணை. உண்மையில் ஒன்றாக இருப்பதை ஒரே மாதிரி எழுதுவதில் குற்றம் இல்லை. இல்லாத வித்தியாசத்தை உண்டாக்கும்போதுதான் பொய் நுழைகிறது.

அரைத்தூக்கம், உங்கள் 48இல் நிறம் மட்டும் மாறுபவை எத்தனை?

அரைத்தூக்கம்

இப்போதுதான் எண்ணினேன். ஒவ்வொன்றும் மூன்று நிறம். நிறத்தை எடுத்தால் 16தான். அந்த 16உம் நான்கு குடும்பம், ஒவ்வொன்றிலும் 350, 500, 750, 1000 மி.லி. இரட்டைச் சுவர் திருகு மூடி, இரட்டைச் சுவர் ஸ்ட்ரா மூடி, இரட்டைச் சுவர் கப் மூடி, ஒற்றைச் சுவர் வளைய மூடி. இத்தனை நாள் இப்படிப் பிரித்துப் பார்க்கவே இல்லை.

சரக்குப்பட்டியல்

பாதி வேலை முடிந்தது. நான்கு குடும்பத்துக்கும் முதலில் பதில் எழுதுங்கள், அளவுகளை அப்புறம் பார்க்கலாம். சில உண்மைகள் தயாராகவே இருக்கின்றன.

இரட்டைச் சுவருக்கு நடுவே காற்று எடுக்கப்பட்டிருப்பதால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாலும் வெளியே வியர்க்காது. புத்தகத்தோடு பையில் வைக்கிறவருக்கு அது பெரிய விஷயம். ஒற்றைச் சுவர் வியர்க்கும், கொதிநீர் ஊற்றினால் கையைச் சுடும். ஆனால் எடை குறைவு. ஸ்ட்ரா மூடியில் சூடானது கூடாது: உள்ளே அழுத்தம் ஏறி, திறந்ததும் சூடான நீர் குழாய் வழியாக மேலே பாயும். "எதற்குச் சரிவராது" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது, கட்டாயம் எழுதவும் வேண்டும். எத்தனை மணி நேரம் சூடு நிற்கும் என்பதை மட்டும் தயாரிப்பாளர் தந்த தாளில் இருந்தால் எழுதுங்கள், ஊகிக்க வேண்டாம்.

அளவுக்கு வரும்போது "இன்னும் பெரியது" என்று எழுதாதீர்கள். அடிப்பக்க விட்டத்தையும் காலி எடையையும் அளந்து வையுங்கள். 1000 மி.லி. பாட்டில் பெரும்பாலும் கார் கப் ஹோல்டரில் நுழையாது, 500 நுழையலாம். அளவின் அர்த்தமே அதுதான்.

பத்துவிரல்

இதெல்லாம் சரி, ஆனால் ஷீட்டில் ஒட்டவே கூடாதா? 16ஐயும் கையால் எழுதுவதா?

சரக்குப்பட்டியல்

ஒட்டலாம். எஃகின் வகை, கழுவும் முறை, உத்தரவாதம் இவை 16இலும் எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருக்கட்டும். அதை யாரும் நகல் என்று சொல்லமாட்டார்கள், அங்கே மாற்றினால்தான் குழப்பம். மேலே வரும் மூன்று நான்கு வாக்கியங்கள் மட்டும் கையால்.

அரைத்தூக்கம்

ஒட்டுவதில் எனக்கு வேறொரு தொல்லை இருந்தது. மூடி பெயரோடு `&"உடன்"` போட்டால் "மூடிஉடன்" என்று வருகிறது. "பாட்டில்" பக்கத்தில் "இல்" போட்டால் "பாட்டில்இல்". அதனால் எல்லா இடத்திலும் "கொண்ட" என்று மாற்றிவிட்டேன். திருகு மூடி கொண்ட, இரட்டைச் சுவர் கொண்ட, 750 மி.லி. கொள்ளளவு கொண்ட.

சரக்குப்பட்டியல்

அடடா, நகல் வாடை அடிப்பது அங்கேதான்! தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி உருமாறும். ஷீட்டுக்குப் புணர்ச்சி தெரியாது. அதற்குப் பயந்து எல்லோரும் "கொண்ட", "உடைய", "உள்ள" என்று ஒட்டாத சொல்லில் ஒதுங்குகிறோம். போதாததற்கு நம் வாக்கியம் வினையில் முடிகிறது; 16 விவரமும் "வடிவமைக்கப்பட்டுள்ளது", "வழங்கப்பட்டுள்ளது" என்று ஒரே ஓசையில் போய் விழுகிறது. தொடக்கத்தை எவ்வளவு மாற்றினாலும் முடிவு காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் "மூடி", "மூடியுடன்", "மூடியில்" என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி நெடுவரிசை வையுங்கள்.

சோதிக்க ஒரு வழி. விவரத்தின் முதல் வாக்கியம் B நெடுவரிசையில் இருந்தால், முதல் வரியை D-யிலும் இரண்டாவதை E-யிலும் போடுங்கள்:

```
=RIGHT(B2,16)
=COUNTIF(D:D,D2)
```

E-யில் 2க்கு மேல் வந்தால் அந்த முடிவு அலுத்துவிட்டது என்று அர்த்தம். `RIGHT`-க்குப் பதில் `LEFT` போட்டால் தொடக்கத்தையும் பார்க்கலாம். ஒன்று கவனியுங்கள்: "டி" நமக்கு ஓர் எழுத்து, ஷீட்டுக்கு இரண்டு. அதனால் 16 என்றால் ஏறக்குறைய பத்து எழுத்துதான் வரும்.

அரைத்தூக்கம்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். பாட்டில்களை வரவழைத்து அளந்தேன். முன்பு ஒரே மாதிரி இருந்த இரண்டு 750 இப்போது இப்படி:

> குளிர்ந்த தண்ணீரோடு பையில் போடுங்கள், பக்கத்தில் இருக்கும் நோட்டு நனையாது. இரட்டைச் சுவர் என்பதால் வெளியே வியர்ப்பதில்லை. காலியாகவே 390 கிராம். தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடப்பவர்கள் ஒற்றைச் சுவர் மாடலைப் பார்க்கலாம்.

> காலி எடை 205 கிராம், விரலில் மாட்டிக்கொள்ள மூடியில் ஒரு வளையம். வாய் 5 செ.மீ. அகலம்: ஐஸ் கட்டி விழும், பிரஷ் அடிவரை போகும். ஒற்றைச் சுவர், அதனால் சூடான பானம் வேண்டாம்.

E நெடுவரிசையில் எங்கும் 2ஐத் தாண்டவில்லை. ஆனால் கப் மூடி குடும்பத்தில் 350க்கும் 500க்கும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. விட்டம்கூட ஒன்றுதான், உயரம் மட்டும் 4 செ.மீ. அதிகம்.

ஓரக்கண்

அந்த இரண்டும் என் திருகாணி ஜாதி! ஒரே பக்கத்தில் போட்டு அளவைத் தேர்வாக வையுங்கள்.

அரைத்தூக்கம்

எனக்கும் அதுதான் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் கேட்டது 48 பக்கம், கூலியும் பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசியிருக்கிறோம். 15 பக்கம் போதும் என்று நானே போய்ச் சொன்னால் என் வருமானத்தை நானே வெட்டிக்கொண்ட மாதிரி.

பத்துவிரல்

சொல்லாதீர்கள். நிறத்துக்கு ஒரு வாக்கியம் சேர்த்து 48ஐயும் கொடுத்துவிடுங்கள்.

சரக்குப்பட்டியல்

கறுப்பில் கீறல் பளிச்சென்று தெரியும், பூச்சில்லாத எஃகில் அவ்வளவு தெரியாது. நிறத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மை இந்த ஒன்றுதான். அதை வைத்து 48 பக்கம் ஓட்ட முடியாது. கூலியைப் பக்கத்துக்கு என்றில்லாமல் மாடலுக்கு என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அளந்த கணக்கை முன்னால் வைத்துக் கேட்டு எனக்கு ஒரு இடத்தில் கிடைத்தது, இன்னொரு இடத்தில் கிடைக்கவில்லை.

அரைத்தூக்கம்

நாளைக்குப் பேசுகிறேன். நோட்டு நனையாத பாட்டிலை முதலில் காட்டப்போகிறேன்.