புதுப்பிப்பு: மகனின் விலகிய தோள் மூட்டு
“17 வயது மகனுக்கு ஆட்டத்தில் தோள் முன்பக்கமாக விலகிவிட்டது. நாங்களே இழுத்துவிடலாமா?”

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நாங்கள் இழுக்கவில்லை. பிசியோதெரபி நண்பர் சொன்னபடி இரண்டு தோள்களின் வெளிப்பக்கத்தையும் விரலால் வருடிப் பார்த்தேன். அடிபட்ட பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்திருந்தது. இதை மருத்துவரிடம் முதலிலேயே சொன்னது நல்லதாயிற்று. மூட்டைச் சேர்த்த பிறகு தெரிந்திருந்தால், நரம்பு எப்போது அடிபட்டது என்று சொல்லவே முடியாது.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வலிக்கு மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினார். தசை இறுகும்போதெல்லாம் நிறுத்தினார். சத்தமே இல்லாமல் சேர்ந்துவிட்டது. அப்புறம் மறுபடி எக்ஸ்ரே, நரம்புப் பரிசோதனை.

எதிர்பாராதது: மரமரப்பு உடனே போகவில்லை. ஆறு வாரத்தில் உணர்ச்சி திரும்பியது, ஆனால் கையைப் பக்கவாட்டில் தூக்கும் பலம் இன்னும் குறைவு.

“மூன்று வாரம் கையைத் தூளியில் கட்டித் தொங்கவிட்டால் போதும்” என்றவர் சொன்னது பாதி சரி. வலி அடங்கியது. ஆனால் எம்ஆர்ஐயில் மூட்டுக்கிண்ணத்தின் முன்விளிம்புக் குருத்தெலும்பு கிழிந்திருக்கிறது. இந்த வயதில் மோதல் ஆட்டத்துக்குத் திரும்பினால் மறுபடி விலக வாய்ப்பு மிக அதிகமாம். தன் முழங்கால் அறுவையைச் சொன்னவருக்கு: இது வேறு மூட்டு. அறுவை செய்வதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.