அழுத்த மாத்திரை சாப்பிடும் லாரி ஓட்டுநருக்குத் தகுதிச் சான்றிதழ்

கரூர் மகன்: கனரக லாரி ஓட்டும் என் அப்பாவுக்கு வயது 52. மூன்று வாரங்களுக்கு முன் இரண்டாவதாக ஓர் இரத்த அழுத்த மாத்திரை சேர்த்தார்கள். மருத்துவ முகாமில் 164/98 காட்டியதால் சான்றிதழில் கையெழுத்திட மறுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பழைய ஸ்டியரிங்: ஓட்டுநர் உரிமத்துக்காக மருத்துவர் கையெழுத்திடும் படிவம் 1-ஏவில் அழுத்த அளவை எழுத இடமே கிடையாது தம்பி. வேறு மருத்துவரிடம் போங்கள். அன்று காலை ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அளவு இறங்கிவிடும். எங்கள் ஷெட்டில் பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

தொழிலக மருத்துவர்: படிவத்தைப் பற்றி அண்ணன் சொன்னது சரி, அது பார்வை, செவித்திறன், கைகால் மூட்டுகள் ஆகியவற்றின் மீதே கவனம் வைக்கிறது. ஆனால் ஓட்டுநரே கையெழுத்திடும் படிவம் 1, எக்காரணத்தாலாவது திடீர் மயக்கமோ தலைச்சுற்றலோ வருவதுண்டா என்று கேட்கிறது. கூடுதல் மாத்திரை வரவழைக்கக்கூடியது அதைத்தான். மறுபுறம், வரிசையில் நின்று, டீயும் குடித்து, உட்கார்ந்த மாத்திரத்தில் எடுத்த ஒரே அளவை வைத்து நான் யாரையும் மறுக்க மாட்டேன். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் வீட்டில் எடுத்து எழுதி வரட்டும். பிரிட்டனில்கூட, ஓய்வு நிலையில் தொடர்ந்து 180/100 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கனரக வாகனம் ஓட்டக்கூடாது என்கிறார்கள்.

தள மேற்பார்வையாளர்: உயரத்தில் வேலை செய்பவருக்கு இந்தத் தாராளம் பொருந்தாது. எங்கள் தளத்தில் அழுத்த மாத்திரை எடுப்பவரைச் சாரத்தில் ஏற்றுவதே இல்லை. விழுந்தபின் பொறுப்பு யாருடையது, சான்றிதழ் கொடுத்தவருடையதா?

தொழிலக மருத்துவர்: அப்படி விதித்தால் மாத்திரையை நிறுத்தியவரும் மறைத்தவரும்தான் மேலே ஏறுவார்கள். நான் பார்ப்பது, ஆள் எழுந்து நிற்கும்போது அளவு எவ்வளவு இறங்குகிறது என்பதை. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி எடுத்து, மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அன்று கையெழுத்திட மாட்டேன்.

பெயிண்டர்: நான் தண்ணீர்த் தொட்டிக்கு வண்ணம் அடிப்பவன். 126/80 என்ற சான்றிதழ் கையில் இருந்தது. சிறுநீர்த் தொல்லைக்கு வேறொரு மருத்துவர் டாம்சுலோசின் எழுதினார், அதுவும் எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கக்கூடிய மருந்து. அழுத்த மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் நான் சொல்லவில்லை. குந்தியிருந்து எழுந்ததும் கண் இருட்டியது. இடுப்புக் கொக்கி மாட்டியிருந்ததால் இன்று இதை எழுதுகிறேன்.

தள மேற்பார்வையாளர்: நான் சொன்னதற்கு இதுவே சாட்சி.

தொழிலக மருத்துவர்: அளவு மட்டும் போதாது என்று நான் சொன்னதற்கும்தான்.

கரூர் மகன்: ஒரு வாரச் சராசரி 142/86 வந்தது ஐயா. ஆனால் மருத்துவமனையில் படுத்தபோது 140/84, நின்று மூன்றாவது நிமிடத்தில் 116/78. இரண்டாவது மாத்திரையை மாற்றி, இரண்டு வாரம் வண்டி எடுக்க வேண்டாம் என்றார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.