பக் நாயோடு மூன்று நாள் பயணம்: கடற்கரையா, மலையா?

எங்கள் பக்குக்கு 6 வயது, 9 கிலோ. அடுத்த மாதம் அவனோடு வெளியூர் போகிறோம், இடம்தான் முடிவாகவில்லை. தட்டை மூக்கு இனம் என்பதால் வெயிலில் 15 நிமிடம் நடந்தாலே கரகரவென்று இளைக்கிறான்.

கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை மாட்டியதில் மூச்சு கொஞ்சம் இலகுவானது. நனைத்த குளிர்ச்சட்டையும் போட்டுப் பார்த்தோம். காற்றில் புழுக்கம் இருந்தால் ஈரம் ஆவியாவதில்லை, உடம்பும் குளிர்வதில்லை. அதனால் கடற்கரை என்றால் விடிகாலையில் மட்டும்தான் அவனை இறக்க முடியும். புறங்கையை 7 நொடி வைக்க முடியாத மணல் அவன் பாதத்தையும் சுட்டுவிடும். மலையில் குளுமை உண்டு, ஆனால் ஏற்றமும் புல்லில் உண்ணியும் கவலை. நாயை அனுமதிக்கும் விடுதிகள் பலவும் அறையில் தனியாக விட விடுவதில்லை, எனவே நண்பகலிலும் அவன் எங்களோடுதான்.

தட்டை மூக்கு நாயோடு போய்வந்தவர்களே, நண்பகலையும் அவனோடு சிரமமில்லாமல் கழிக்க இரண்டில் எது சரிவரும்?