ஸ்டாரில் முனகுகிறது, டெல்டாவுக்கு மாறியதும் பிரேக்கர் விழுகிறது

சம்மாந்துறை ஆலை: எங்கள் நெல் ஆலையில் 15 கிலோவாட் மோட்டார். தகட்டில் 400/690 வோல்ட், 29 அம்பியர் என்றிருக்கிறது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், டைமர் 5 விநாடி. ஸ்டாரில் 60 அம்பியர் காட்டி முனகுகிறது. டெல்டாவுக்கு மாறிய கணமே 40 அம்பியர் பிரேக்கர் விழுகிறது. தொடக்க மின்னோட்டத்தைக் குறைக்கத்தானே இந்த ஸ்டார்ட்டர்?

கல்முனை வயர்மேன்: ஸ்டாரில் சுருளுக்கு 400 அல்ல, 230 வோல்ட்தான் போகும். ஆகவே மின்னோட்டமும் 58 சதவீதமாகக் குறையும். பிரேக்கரைப் பெரிதாக்குங்கள், நானா.

களுவாஞ்சிக்குடி மின்வேலை: தம்பி சொன்ன 58 சதவீதம் சுருளுக்குள் ஓடும் மின்னோட்டத்துக்குச் சரி. ஆனால் டெல்டாவில் ஒவ்வொரு வயரும் இரண்டு சுருள்களுக்கு ஊட்டுவதால், வயரில் ஓடுவது சுருளில் ஓடுவதைப்போல் 1.73 மடங்கு. ஸ்டாரில் அந்தப் பெருக்கமும் இல்லை. இரண்டும் சேர்ந்து வயரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். நேரடியாகப் போட்டால் இந்த மோட்டார் ஏறத்தாழ 180 அம்பியர் இழுக்கும். உங்களுக்கு 60 காட்டுகிறது. ஸ்டார்ட்டர் தன் வேலையைச் செய்கிறது.

திருப்புவிசையும் மூன்றில் ஒன்றாகிவிடுவதுதான் சிக்கல். சுமையோடு தொடங்கினால் மோட்டார் வேகம் பிடிக்காது. அந்த நிலையில் டெல்டாவுக்கு மாற்றினால் கிட்டத்தட்ட அந்த 180 அம்பியரும் வந்துவிடும். ஸ்டாரில் 60 அப்படியே நிற்கிறதா, இறங்குகிறதா என்று கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். இறங்கிய பிறகுதான் மாற வேண்டும். பிரேக்கரை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

வாழைச்சேனை தோட்டம்: என் கிணற்று மோட்டாரும் இப்படித்தான் முனகியது. கெப்பாசிட்டர் மாற்றியதும் சரியாகிவிட்டது.

களுவாஞ்சிக்குடி மின்வேலை: அது ஒற்றைக் கட்ட மோட்டாராக இருக்கும், அண்ணன். இதில் கெப்பாசிட்டரே இல்லை.

சம்மாந்துறை ஆலை: பெல்ட்டைக் கழற்றிப் போட்டேன், இரண்டு விநாடியில் 60 இறங்கி, டெல்டாவும் ஒழுங்காகப் பிடித்தது. பெல்ட்டோடு இறங்கவே இல்லை. முதல் நாள் நெல் உருளைக்குள் இறுகிக் கிடந்தது. தொடங்கும்போது வோல்ட் 360 ஆகிறது.

களுவாஞ்சிக்குடி மின்வேலை: அப்படியானால் விசை இன்னும் குறைவு, வோல்ட் பத்தில் ஒரு பங்கு விழுந்தால் விசை ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆலையை வெறுமையாக்கி நிறுத்துங்கள், வெறுமையாகவே தொடங்குங்கள். டைமரை 8 விநாடி வையுங்கள். மின்னோட்டம் இறங்காவிட்டால் மேலும் கூட்டாதீர்கள், சுருள்தான் சுடும்.

சம்மாந்துறை ஆலை: வெறுமையாக்கிய பின் பெரும்பாலும் ஓடுகிறது. மின்னோட்டம் நன்றாக இறங்கியும் சில வேளை மாறும்போது விழுகிறது.

களுவாஞ்சிக்குடி மின்வேலை: மாறும் இடைவெளியில் மோட்டார் லைனிலிருந்து கழன்று மறுபடி சேர்கிறது. உள்ளே மிஞ்சிய காந்தப்புலம் லைனோடு ஒத்துவராத நேரத்தில் சேர்ந்தால் ஒரு கணம் மின்னோட்டம் எகிறும். பிரேக்கர் C வகையா, D வகையா? அதைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.