பழைய சிஸ்டத்துக்கு ஃபிக்ஸட் விட்த் ஃபைல் அனுப்பியவர்கள் இருக்கிறீர்களா?

முத்தியால்பேட்டைக்காரன்

புதுச்சேரியில் ஒரு சங்கத்தின் ஓய்வூதியப் பட்டியல். பைத்தானில் எடுத்து, பணம் போடும் பழைய கோபோல் சிஸ்டத்துக்கு அனுப்புவோம். பெயருக்கு 20 இடம், தொகை பைசாவில் 9 இடம், கடைசியில் 11 இடம் காலி, மொத்தம் 40. ஒரு பெரியம்மா பாஸ்புக்கை நீட்டினார். 1,250 ரூபாய்க்குப் பதில் 125 ஏறியிருந்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சரி. அவருடைய வரி இது:

```
RENÉE S             000125000
```

எடிட்டரில் மேல் வரி, கீழ் வரி எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கிறது. "போன மாசம் வரைக்கும் சரியாத்தானேப்பா வந்துச்சு?" என்று அந்த அம்மா கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அந்த மாதம்தான் பெயர்களைப் பிரெஞ்சு ஆவணத்தில் உள்ளபடி திருத்தியிருந்தார்கள். É தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஆனால் பெயரில் ஒரு எழுத்து எப்படித் தொகையைப் பத்தில் ஒன்றாக்கும்?

வில்லியனூர்_வாசி

É தான். இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? `name.encode("ascii", "ignore")` போட்டுவிட்டு, அப்புறம் 20-க்கு நிரப்புங்கள். இடம் நகரவே நகராது. நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

மஞ்சக்குப்பம்

வில்லியனூர் நண்பரே, இடம் நகராது, உண்மை. ஆனால் `ignore` அந்த எழுத்தையே எடுத்துவிடும். RENÉE என்பது RENE ஆகும். புதுச்சேரியில் அது ஆண் பெயர். ஓய்வூதியப் பட்டியலில் ஒரு பெண்ணுக்கு ஆண் பெயர் போனால் அடுத்த மாதம் வேறு கியூவில் நிற்க வைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

முத்தியால்பேட்டை, உங்கள் புரோகிராம் எழுத்தை எண்ணி 20-க்கு நிரப்புகிறது. அந்தப் பக்கம் பைட்டை எண்ணிப் படிக்கிறார்கள். UTF-8-இல் É இரண்டு பைட். அதனால் பெயர் 21 பைட் ஆகி, தொகை ஓர் இடம் வலப்பக்கம் தள்ளிப்போகிறது. அவர்கள் 21-ஆவது பைட்டிலிருந்து ஒன்பதை எடுத்தால் முதலில் ஒரு ஸ்பேஸ், அப்புறம் `00012500`. கோபோலில் `IS NUMERIC` சோதனை வைக்காவிட்டால், முன்னால் நிற்கும் ஸ்பேஸைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவது வழக்கம். 12500 பைசா, அதாவது 125 ரூபாய். தப்பிய கடைசிப் பூஜ்யம் காலியிடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அதை யாரும் படிப்பதில்லை, அதனால்தான் எர்ரர் வரவில்லை. எடிட்டரும் எழுத்தைத்தான் எண்ணுகிறது, கண்ணால் பார்த்தால் தெரியாது.

முதலில் பைட்டாக மாற்றுங்கள், பிறகு நிரப்புங்கள்:

```python
raw = name.encode("cp1252")
line = raw[:20].ljust(20) + b"%09d" % paise + b" " * 11
```

`cp1252`-இல் É ஒரே பைட். அந்தப் பக்கம் எந்த என்கோடிங்கில் படிக்கிறார்கள் என்று கேட்டு, அதையே போடுங்கள். அனுப்பும் முன் இதை ஓட்டினால் நீளம் தவறிய வரி மட்டும் வெளியே வரும்:

```
LC_ALL=C awk 'length($0) != 40' list.txt
```

கரும்புத்தோட்டம்

நான் நெல்லிக்குப்பம் பக்கம். எங்களுக்கும் எண் விஷயத்தில்தான் அடி. கரும்புப் பணப் பட்டியலில் கடன் பிடித்தம் மைனஸில் போகும். 125 ரூபாய் பிடித்தம் என்றால் பழைய சிஸ்டம் கேட்பது `00001250}`. கடைசிப் பூஜ்யத்தோடு மைனஸ் குறியும் சேர்ந்து அந்த அடைப்பாகிறது. புதிதாக வந்த தம்பி அதைக் குப்பை என்று நினைத்து, எல்லா `}`-ஐயும் 0 என்று மாற்றி அனுப்பிவிட்டான். பிடிக்க வேண்டிய பணம் விவசாயிகளுக்கு வரவாகப் போனது. திரும்ப வாங்க ஊர் ஊராக அலைந்தோம். கொடுத்த பணத்தை யார் உடனே திருப்பித் தருவார்கள்?

அதனால் சொல்கிறேன், எடிட்டரில் திறந்து கையால் திருத்தவே கூடாது. `rjust(9, "0")` வேண்டாம், `000-12500` என்று நடுவில் கோடு விழும். எக்ஸெலில் திறந்து சேமிக்கவும் வேண்டாம், உறுப்பினர் எண்ணின் முன் பூஜ்யம் பறந்துவிடும். உறுப்பினர் எண்ணை எண்ணாக நினைக்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியில் மொத்தத் தொகை போடுங்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்

கரும்புத்தோட்டம் அண்ணா, மொத்தத் தொகை போட்டுத்தான் அனுப்பினோம். அவர்கள் வரிகளின் எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்தார்கள். தொகையையும் கூட்டிப் பார்த்திருந்தால் அன்றே நின்றிருக்கும்.

மஞ்சக்குப்பம் சார், `awk` ஓட்டினேன். எல்லா வரியும் வெளியே வருகிறது.

மஞ்சக்குப்பம்

விண்டோஸில் எழுதிய ஃபைலா? வரி முடிவில் CR இருந்தால் 41 ஆகும், 41 என்று மாற்றி ஓட்டுங்கள். ஆனால் அவர்கள் CR எதிர்பார்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்

விண்டோஸ்தான். 41 போட்டதும் É, Ç உள்ள வரிகள் மட்டும் வந்தன. இப்போது ஒரு பெயரில் `cp1252` எர்ரர் அடிக்கிறது. É தான், பார்க்க அதே மாதிரி இருக்கிறது.

மஞ்சக்குப்பம்

E தனி, மேலே உள்ள கோடு தனி என்று இரண்டாகத் தட்டச்சாகியிருக்கும். `unicodedata.normalize("NFC", name)` செய்துவிட்டு என்கோட் செய்யுங்கள். எர்ரர் வந்தது நல்லது, `ignore` போட்டிருந்தால் கோடு மட்டும் சத்தமில்லாமல் போயிருக்கும்.

வில்லியனூர்_வாசி

கோடு போனால் RENEE என்று பெயர் சரியாகத்தானே வரும்? அப்போது முதலில் NFD-யாகப் பிரித்து, அப்புறம் `ignore` போட்டால் என் வழியும் சரிதான்.

மஞ்சக்குப்பம்

பெயர் படிக்க வரும், அகலமும் நிற்கும். வங்கி அதை ஆவணத்தோடு ஒப்பிடுமா என்பதை அவரவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.